சரியான கடவுச்சொல்லைத் தவறு என்ற இணையதளம்

இணையதளத்தில் கடவுச்சொல் ஏற்கப்படாதபோது வாடிக்கையாளர் அனுப்பும் புகாருக்கு அந்தத் துறையில் ‘டிக்கெட்’ என்று பெயர். அதற்கு வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: “தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சில பயனர்களுக்குச் சிரமம் ஏற்பட்டது. வருந்துகிறோம்.” இதைப் படிப்பவருக்குத் தம் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா, கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா, நாளை மறுபடியும் இது நடக்குமா என்று எதுவுமே தெரியாது. கோளாறு என்ன என்பதைப் புரியும்படி சொல்லும் பதிலை எழுத முடியும். அதற்கு எழுதுபவர் முதலில் கோளாறைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு கோளாறை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சந்தா கட்டிப் படிக்கும் ஒரு தமிழ் இதழுக்கு இணையதளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கடவுச்சொல்லைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு செவ்வாய் இரவு அந்தத் தளத்தில் புதிய மாற்றம் ஒன்று சேர்க்கப்படுகிறது. புதன் காலை வாசகர் ஒருவரிடமிருந்து டிக்கெட் வருகிறது:

“நேற்று வரை இதே கணினியில், இதே கடவுச்சொல்லில் படித்துக்கொண்டிருந்தேன். இன்று தவறு என்கிறது. ஐந்து முறை போட்டுப் பார்த்தேன். கணக்கே பூட்டிக்கொண்டது. கடவுச்சொல் தமிழில்தான் வைத்திருக்கிறேன். மறக்கவில்லை, தாளில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துத்தான் அடிக்கிறேன்.”

அன்று மாலைக்குள் இதே போன்ற டிக்கெட்டுகள் இன்னும் சில வருகின்றன. ஆனால் பெரும்பாலான வாசகர்கள் எந்தத் தடையும் இல்லாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் வெளியே நின்றால் சர்வர் விழுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். சிலர் மட்டும் நிற்கும்போது, அந்தச் சிலருக்குள் பொதுவாக இருப்பது என்ன என்று தேட வேண்டியிருக்கிறது. ஊர், கருவி, சந்தா வகை ஆகியவற்றை வைத்துப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. புகார் சொன்ன எல்லோருடைய கடவுச்சொல்லும் தமிழில் இருப்பது மட்டும் ஒத்துவருகிறது. ஆனால் தமிழில் கடவுச்சொல் வைத்த எல்லோரும் தடுக்கப்படவும் இல்லை. ‘மணிமுத்தாறு’ என்று வைத்தவர் உள்ளே போகிறார். ‘கொன்றை மரம்’ என்று வைத்தவர்களில் ஒருவர் போகிறார், இன்னொருவர் போகவில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ‘கொ’ என்ற எழுத்தில் இருக்கிறது. கணினி எழுத்துகளை எண்களாகத்தான் வைத்துக்கொள்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற உலகப் பொதுப் பட்டியல்தான் யூனிகோடு. தமிழ் எழுத்துகளுக்கு அதில் தனி இடம் உண்டு. க என்ற உயிர்மெய்க்கு ஓர் எண், கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று உறுப்புகளுக்குத் தனித்தனியாக எண்கள் இருக்கின்றன. கி, கு, கெ, கை போன்றவற்றில் குழப்பம் இல்லை. க-வுக்குப் பின் ஒரே ஒரு குறி வருகிறது. ஆனால் கொ, கோ, கௌ வரிசையில் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் அல்லது சிறகு. இதை யூனிகோடு இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடுத்தடுத்து எழுதலாம்.

```
சேர்ந்த வடிவம்:   U+0B95 U+0BCA
பிரிந்த வடிவம்:   U+0B95 U+0BC6 U+0BBE
```

மேல் வரியில் க-வும் ஒகரக் குறியும் இருக்கின்றன. கீழ் வரியில் க-வும் கொம்பும் காலும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டும் திரையில் ‘கொ’ என்றே தெரியும்; அச்சிட்டாலும் அப்படித்தான். இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் செலவாகும். அதனால் முதல் ‘கொ’ 6 பைட்டு, இரண்டாவது ‘கொ’ 9 பைட்டு. கணினி அந்த பைட்டுகளை ஒப்பிடும்போது அவை இரண்டு வெவ்வேறு சொற்கள்.

எந்த வடிவம் வரும் என்பதைத் தீர்மானிப்பது தட்டச்சு மென்பொருள். தமிழ்99 முறையில் க-வைத் தட்டி ஒ-வைத் தட்டினால் மென்பொருள் சேர்ந்த குறியைப் போட்டுவிடுவதே வழக்கம். பழைய தட்டச்சுப் பொறிப் பழக்கத்தை ஒட்டிச் செய்யப்பட்ட மென்பொருளில் கொம்புக்கு ஒரு விசை, காலுக்கு ஒரு விசை. அந்த மென்பொருளை எழுதியவர் இரண்டையும் சேர்க்க மறந்திருந்தால் பிரிந்த வடிவமே போய்ச் சேரும். பழைய எழுத்துரு ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளும் சில நேரம் இப்படிச் செய்யும். தட்டுபவருக்கு இதில் எதுவும் தெரிய வழியில்லை. அவர் கண்ணுக்குச் சரியான எழுத்துதான் வருகிறது. கடவுச்சொல் பெட்டியில் அதுகூடத் தெரியாது, புள்ளிகள்தான் வரும்.

கட்டுரைகளிலும் மின்னஞ்சல்களிலும் இந்த வேறுபாடு பெரிய தொல்லை தருவதில்லை. கடவுச்சொல்லில் தருகிறது. ஒழுங்காக நடத்தப்படும் எந்த இணையதளமும் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ‘ஹாஷ்’ என்ற கணக்குக்குள் செலுத்தி, வெளியே வரும் நீண்ட குறியை மட்டும் வைத்துக்கொள்கிறது. அரைத்த மாவைப் பார்த்து அரிசிமணியின் வடிவத்தைச் சொல்ல முடியாதது போல, ஹாஷைப் பார்த்துக் கடவுச்சொல்லைச் சொல்ல முடியாது. பயனர் மறுபடி வரும்போது அவர் இட்டதையும் அதே கணக்குக்குள் செலுத்தி, இரண்டு குறிகளும் ஒன்றா என்று சர்வர் பார்க்கிறது. ஒரே ஒரு பைட்டு மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். ‘ஏறக்குறைய சரி’ என்ற நிலையே இங்கே கிடையாது. அதனால் பிரிந்த ‘கொ’வின் ஹாஷுக்கும் சேர்ந்த ‘கொ’வின் ஹாஷுக்கும் எந்த ஒற்றுமையும் இருக்காது.

செவ்வாய் இரவு சேர்க்கப்பட்ட மாற்றம் இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்காகவே வந்தது. வீட்டுக் கணினியில் கடவுச்சொல் வைத்துவிட்டுக் கைப்பேசியில் நுழைய முடியவில்லை என்று சிலர் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். கணினியில் பிரிந்த வடிவம், கைப்பேசியில் சேர்ந்த வடிவம். இதற்கு யூனிகோடிலேயே மருந்து இருக்கிறது. வெவ்வேறு விதமாக எழுதப்பட்டதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இந்த முறைக்கு இயல்பாக்கம் என்று பெயர். அதில் என்எஃப்சி என்ற வகை, பிரிந்த கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கிவிடும். கடவுச்சொல்லுக்கு இந்த வகையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 8265 என்ற ஆவணமும் சொல்கிறது. பைத்தான் மொழியில் அது ஒரே வரி:

```
pw = unicodedata.normalize("NFC", pw)
```

அந்த வரியைச் சேர்த்தவர் செய்தது முறையான வேலை. அவர் கவனிக்காமல் விட்டது, சர்வரில் ஏற்கெனவே இருந்த பழைய ஹாஷ்களை. அவை இயல்பாக்கம் இல்லாமல், வந்த வடிவத்திலேயே கணக்கிடப்பட்டவை. பிரிந்த வடிவத்தில் கடவுச்சொல் வைத்த வாசகர் புதன் காலை அதையே இட்டபோது, புதிய வரி அதைச் சேர்த்துவிட்டது. சேர்ந்த வடிவத்தின் ஹாஷ், பிரிந்த வடிவத்தின் பழைய ஹாஷோடு மோதியது. பொருந்தவில்லை. சேர்ந்த வடிவத்தில் வைத்திருந்தவருக்கு எதுவும் மாறவில்லை. ‘மணிமுத்தாறு’ என்று வைத்தவருக்கும் மாறவில்லை. அந்தச் சொல்லில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இல்லை. ஆங்கிலத்தில் வைத்தவர்களுக்கும் அப்படியே. மாற்றத்தைச் சோதித்தவர்கள் புதிதாகக் கணக்கு தொடங்கிச் சோதித்திருப்பார்கள். புதிய கணக்கில் பதிவும் நுழைவும் ஒரே வரி வழியாகப் போவதால் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். பழைய கணக்கில் மட்டுமே வெளிப்படும் வழு இது.

இதன் மேல் இன்னொன்றும் ஏறிக்கொண்டது. யாராவது கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருப்பதைத் தடுக்க, ஐந்து முறை தவறினால் கணக்கை அரை மணி நேரம் பூட்டும் ஏற்பாடு அந்தத் தளத்தில் இருந்தது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரியான கடவுச்சொல்லைச் சர்வர் தவறு என்று எண்ணும்போது, உரிமையாளரையே திருடனாகக் கருதிப் பூட்டிவிடுகிறது. எழுத்துப்பிழையாக இருக்குமோ என்று நிதானமாக மறுபடி மறுபடி முயன்றவர்களே முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

பழைய ஹாஷ்களை எல்லாம் ஒரே இரவில் புதிய வடிவத்துக்கு மாற்றிவிட முடியாது; மாற்றுவதற்கு மூலக் கடவுச்சொல் வேண்டும், அது நிறுவனத்திடம் இல்லை. அதனால் திருத்தம், வாசகர் நுழைய வரும் நேரத்தில்தான் நடக்க முடியும். முதலில் இயல்பாக்கம் செய்த வடிவத்தைச் சர்வர் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால், வாசகர் இட்ட வடிவத்தை மாற்றாமல் ஒருமுறை ஒப்பிடுகிறது. அது பொருந்தினால் உள்ளே விட்டுவிட்டு, கையோடு புதிய வடிவத்தில் ஹாஷைக் கணக்கிட்டுப் பழையதற்குப் பதிலாக வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அவர் எந்தக் கருவியிலிருந்து வந்தாலும் முதல் ஒப்பீட்டிலேயே பொருந்திவிடும். இரண்டு ஒப்பீடும் சேர்ந்து ஒரே முயற்சியாக எண்ணப்படுவதால் பாதுகாப்பு தளர்வதில்லை. பல மாதம் வராத சந்தாதாரர்களும் இருப்பார்கள் என்பதால் இந்த இரட்டை ஒப்பீட்டை அவசரப்பட்டு எடுத்துவிடவும் கூடாது.

இனி பதிலுக்கு வரலாம். இவ்வளவும் தெரிந்தவர் வாசகருக்கு எழுதுவது இப்படி இருக்கலாம்:

“வணக்கம் ஐயா. உங்கள் கணக்கின் பூட்டை எடுத்துவிட்டோம். வழக்கமாகப் படிக்கும் கணினியிலிருந்து பழைய கடவுச்சொல்லையே இட்டு நுழைந்து பாருங்கள். நீங்கள் அதைச் சரியாகவே இட்டிருப்பீர்கள் என்று நம்புகிறோம். தவறு எங்கள் தளத்தில் இருந்தது.

“கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளைக் கணினி இரண்டு விதமாகப் பதிவு செய்யும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு. செவ்வாய் இரவு நாங்கள் செய்த மாற்றத்துக்குப் பிறகு எங்கள் தளம் அதில் ஒரு விதத்தை மட்டுமே ஏற்றது. உங்கள் கடவுச்சொல்லில் இத்தகைய எழுத்து இருந்து, அது மற்ற விதத்தில் பதிவாகியிருந்தால், சரியாக இட்டாலும் தவறு என்று காட்டியிருக்கும். வியாழன் காலை முதல் இரண்டு விதமும் ஏற்கப்படுகின்றன.

“உங்கள் கணக்கில் புதன்கிழமை நடந்த முயற்சிகளைப் பார்த்தோம். அவை எல்லாம் நீங்கள் வழக்கமாக வரும் கணினியிலிருந்தே வந்திருக்கின்றன. எதுவும் உள்ளே நுழையவில்லை. கடவுச்சொல்லை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அதை எங்களுக்கு எழுதி அனுப்பவும் வேண்டாம். நாங்கள் ஒருபோதும் அதைக் கேட்க மாட்டோம். மறுபடியும் தடை வந்தால், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் என்பதை மட்டும் இதே டிக்கெட்டில் எழுதுங்கள். உடனே பார்க்கிறோம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்க வேண்டுகிறோம்.”

இந்தப் பதிலில் முதலில் வருவது, வாசகர் இப்போது என்ன செய்யலாம் என்பது. விளக்கம் பிறகுதான். வெளியே நிற்பவருக்கு உள்ளே போவதுதான் முதல் தேவை. காரணத்தை உள்ளே வந்த பிறகு படித்துக்கொள்வார். ‘யூனிகோடு’, ‘ஹாஷ்’, ‘இயல்பாக்கம்’ என்ற சொற்கள் பதிலில் இல்லை. ஆனால் அவை குறிக்கும் விஷயம் ஒன்றுகூட விடுபடவில்லை. எளிமையாக எழுதுவது என்பது காரணத்தை மறைப்பது அல்ல. ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற சொற்றொடர் எளிமையாகத் தோன்றினாலும் எதையும் சொல்வதில்லை. ‘கொ, கோ, கௌ’ என்று எழுத்தையே காட்டிவிட்டால், வாசகர் தம் கடவுச்சொல்லை நினைத்துப் பார்த்து, அது தமக்குப் பொருந்துகிறதா என்று தாமே தெரிந்துகொள்கிறார்.

‘இருந்தால்’ என்ற சொல் அந்தப் பதிலில் மிக முக்கியமானது. உங்கள் கடவுச்சொல்லில் அந்த எழுத்து இருக்கிறது என்று நிறுவனம் உறுதியாகச் சொன்னால், அது கடவுச்சொல்லைப் படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்றாகிவிடும். ஒழுங்கான நிறுவனத்தால் அப்படிச் சொல்லவே முடியாது. ‘நீங்கள் சரியாகவே இட்டீர்கள்’ என்று அடித்துச் சொல்லாமல் ‘நம்புகிறோம்’ என்று எழுதியதும் இதனால்தான். எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்ற கேள்விக்கும் இதே வரம்பு உண்டு. பதிவேட்டில் இருப்பது தவறிய முயற்சிகளின் எண்ணிக்கை. அவற்றில் உண்மையாகவே மறந்தவர்களும் இருப்பார்கள். இரண்டாவது ஒப்பீட்டில் பொருந்தி உள்ளே வந்தவர்களை எண்ணினால்தான் சரியான கணக்கு கிடைக்கும். அது ஒவ்வொருவரும் திரும்பி வர வரத்தான் தெரியும். அவசரத்தில் ‘ஒரு சிலர் மட்டுமே’ என்று எழுதிவிட்டுப் பிறகு எண்ணிக்கை கூடினால், அதன் பின் வரும் எந்தப் பதிலையும் வாசகர் நம்பமாட்டார்.

யாரும் நுழையவில்லை என்ற வாக்கியமும் அந்த ஒருவருடைய கணக்கின் பதிவேட்டைத் திறந்து பார்த்த பிறகே எழுதப்பட வேண்டியது. எல்லாப் பதிலிலும் ஒட்டப்படும் ஆறுதல் வரியாக அது ஆகிவிடக் கூடாது. ஏனென்றால் தவறிய முயற்சிகள் குவியும் நாளில், உண்மையான ஊகத் தாக்குதல் ஒன்று அவற்றுக்கு நடுவே கவனிக்கப்படாமல் போகக்கூடும். அதே காரணத்துக்காகப் பதிலில் உள்நுழைவுக்கான இணைப்பு எதுவும் தரப்படவில்லை. இத்தகைய தடை செய்தி பரவியதும், ‘உங்கள் கணக்கைத் திறக்க இங்கே அழுத்துங்கள்’ என்று போலி மின்னஞ்சல் அனுப்புபவர்கள் கிளம்பிவிடுவார்கள். வாசகர் தாமாகவே தளத்தின் முகவரியை இட்டு வருவதே பாதுகாப்பு.

பதில் சொல்லாத ஒன்றும் உண்டு: இனி எந்தத் தமிழ்க் கடவுச்சொல்லும் எங்கேயும் தவறாது என்ற வாக்குறுதி. என்எஃப்சி சேர்ப்பது, யூனிகோடு சமம் என்று அறிவித்த வடிவங்களை மட்டுமே. ஔ என்ற எழுத்தை ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டுபவர்கள் உண்டு. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் யூனிகோடுக்கு ள ஒரு தனி மெய்யெழுத்து, அதை அது சேர்க்காது. ‘ஸ்ரீ’ இன்னும் சிக்கலானது. பழைய முறையில் அது ஸ-வில் தொடங்கும். 2005-இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்க்கப்பட்ட பிறகு அதில் தொடங்கும் வடிவமும் வந்தது. எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒரே உருவில் காட்டும், இயல்பாக்கமோ இரண்டையும் வேறாகவே விட்டுவிடும். பெயரில் ஸ்ரீ உள்ளவர்கள் அதைக் கடவுச்சொல்லில் வைத்தால், கருவி மாறும்போது தடை வரலாம். இதற்குச் சர்வர் பக்கம் பொதுவான தீர்வு கிடையாது. தமிழை அறிந்த நிரலாளர் தனியாகக் கவனித்து எழுதினால்தான் உண்டு.

கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்ற வழியில் போய்ப் புதியதை வைத்துக்கொண்டவர்களுக்குத் தடை அன்றே நீங்கியிருக்கும். புதிய ஹாஷ் புதிய வடிவத்தில் பதிவாவதே காரணம். அதனால் சில நிறுவனங்கள் வழுவைத் தேடாமலே ‘கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பிவிடுகின்றன. அது அந்த ஒருவரை உள்ளே விடும்; ஆனால் தம் நினைவில்தான் பிழை என்று அவரை எண்ண வைத்துவிடும். பதிவில் கொடுத்த மின்னஞ்சலோ கைப்பேசி எண்ணோ இப்போது கையில் இல்லாதவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

தமிழில் கடவுச்சொல் வைத்திருப்பவர்கள் இத்தகைய தடை வரும்போது டிக்கெட்டில் மூன்று விவரங்களைத் தவறாமல் எழுத வேண்டும்: கடவுச்சொல் தமிழில் இருக்கிறது என்பது, எந்தத் தட்டச்சு முறையில் இடுகிறார்கள் என்பது, கடைசியாக எப்போது அதே கருவியில் உள்ளே போனார்கள் என்பது. கடவுச்சொல்லை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் எழுதக் கூடாது.